நண்டூருது, நரியூருது: திருச்சியிலிருந்து டல்லாஸுக்கு

அனைவருக்கும் வணக்கம். இங்கே பலருக்குப் பேரன் பேத்திகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

என் பேத்தி பிறந்தது டல்லாஸில். முதல் ஆறு மாதம் நான் வீடியோவில் செய்ததெல்லாம், "பட்டு, பாட்டியைப் பாரு" என்று அரை மணி நேரம் கூப்பிட்டதுதான். அவள் இரண்டு நிமிடம் பார்ப்பாள், அப்புறம் போனைப் பிடித்து வாயில் வைப்பாள், பிடுங்கினால் அழுவாள். குழந்தைக்குத் திரையே ஆகாதே என்று மகளுக்கும் பயம். ஒன்றரை வயதுக்குள் டிவியும் போனும் வேண்டாம் என்கிற அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள்கூட, உறவினரோடு வீடியோவில் பேசுவதற்கு மட்டும் விலக்குத் தருகிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் அவள் மனம் ஆறியது.

தவறு நான் பேசிய விதத்தில் இருந்தது. கைக்குழந்தை 'ங்கா' என்றால் உடனே நாமும் 'ங்கா' என்று சொல்ல வேண்டும். அந்த உடனடிப் பதிலில்தான் அது ஒட்டிக்கொள்ளும். நம் குரலோ கொஞ்சம் தாமதித்துப் போய்ச் சேர்கிறது. நாம் திரையில் குழந்தை முகத்தைப் பார்க்கிறோம். கேமரா மேலே இருப்பதால் அங்கே நம் கண் தாழ்ந்தே தெரிகிறது.

சரி, என்ன செய்யலாம்? என் அம்மா எனக்குச் செய்த நண்டூருது நரியூருதைப் பிடித்துக்கொண்டோம். சொல்வது நான், குழந்தையின் உள்ளங்கையில் விரலை ஊர விடுவது மகள். மகள் முந்தக் கூடாது; என் குரல் காதில் விழுந்த பிறகே விரலை நகர்த்த வேண்டும். அப்படிச் செய்தால் தாமதம் குழந்தைக்குத் தெரியாது, குரலும் தொடுகையும் சேர்ந்தே வரும். நான் பார்க்கும் படம் பிந்தி வருவதால் அவசரப்படாமல் நிறுத்தி நிறுத்திச் சொல்வேன். அக்குளில் கிச்சுகிச்சு மூட்டும் முன் ஒரு நீண்ட இடைவெளி விடுவேன். சில வாரங்களில் அந்த இடைவெளியிலேயே தோளைச் சுருக்கிச் சிரிக்க ஆரம்பித்தாள்.

ஐந்து நிமிடம், பால் குடித்த பின், அங்கே காலை 7.30, இங்கே மாலை 6. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். அப்போது நமக்கு இரவு 7. இது தெரியாமல் முதல் வருடம் அவள் தாத்தா ஒரு மணி நேரம் போனையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். குழந்தை முகத்தைத் திருப்பினாலோ கண்ணைக் கசக்கினாலோ அன்றைக்கு அவ்வளவுதான், டாட்டா சொல்லிவிடுங்கள்.

பத்தாம் மாதம் திருச்சிக்கு வந்தாள். என்னைப் பார்த்ததும் வீறிட்டு அழுதாள். வேற்று முகம் பார்க்கும் வயது அது; திரையில் இல்லாத வாசனையும் உருவமும் என்னிடம் இருந்தன. வாங்கித் தூக்கத் துடித்த கையை அடக்கிக்கொண்டு, அவள் அம்மா மடியில் இருக்க, நான் சற்றுத் தள்ளித் தரையில் உட்கார்ந்தேன். வேறு எதுவும் பேசாமல், அதே மெதுவில், "நண்டூருது" என்றேன். அழுகை நின்றது, கிட்டே வரவில்லை. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் காலை தவழ்ந்து வந்து, என் முன்னால் உட்கார்ந்து, உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.