அலங்காரப் படம் கடப்பிதழுக்கு ஆகாது

நேயர்களுக்கு வணக்கம். நான் பிரிக்ஃபீல்ட்ஸில் புகைப்பட நிலையம் நடத்துகிறேன். கடப்பிதழுக்கும் தேர்வுக்கும் படம் எடுக்க வருகிறவர்கள் சிலர் இப்போது கைத்தொலைபேசியை நீட்டி, "இதையே அளவு மாத்திக் கொடுங்க" என்கிறார்கள். பார்த்தால், செயலியில் ஓவியம் போல மெருகேற்றிய படம். நான் மறுத்துவிடுவேன்.

அண்மையில் ஓர் அம்மா மகளோடு வந்தார். "இதுல எவ்வளவு அழகா இருக்கா, தம்பி!" என்றார். மெருகேற்றுவதற்கு முந்திய படமும் அதே தொலைபேசியில் இருந்தது. இரண்டையும் கணினியில் ஒரே அளவில் பக்கத்தில் வைத்தேன். கண்கள் பெரிதாகியிருந்தன, தாடை ஒடுங்கியிருந்தது. பின்னால் நேராக இருந்த கதவு நிலை கன்னத்தருகே வளைந்திருந்தது. செயலி முகத்தை இழுக்கும்போது பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து இழுபடும். அதுதான் நல்ல அடையாளம். அம்மாவே கேட்டார்: "கன்னத்து மச்சம் எங்க?"

கடப்பிதழில் சில்லு வைத்த முதல் நாடு மலேசியா, 1998இல். அந்தச் சில்லுக்குள் உங்கள் முகப்படமும் இருக்கிறது. முகம் பார்த்துத் திறக்கும் விமான நிலைய வாயில், உங்களை அங்கேயே படம் பிடித்துச் சில்லில் உள்ள படத்தோடு ஒப்பிடும். கண், மூக்கு, தாடை இவற்றின் அமைப்பை அது எண்களாக்கிப் பார்க்கும். தாடி வளர்ந்தாலும் பொட்டு மாறினாலும் பெரும்பாலும் சமாளித்துவிடும், ஏனென்றால் எலும்பின் அமைப்பு மாறுவதில்லை. செயலி மாற்றுவதோ அந்த அமைப்பைத்தான். ஒப்புமை குறைந்தால் வாயில் திறக்காது, அதிகாரியிடம் போக வேண்டும். அவர் தேடும் மச்சமும் தழும்பும் படத்தில் இருக்காது. தேர்வு மண்டபத்தில் முகம் பார்ப்பவருக்கும் இதே சிக்கல்தான், அவருக்கு நேரம் இன்னும் குறைவு.

"பதிவேற்றம் ஏற்றுக்கொண்டதே" என்று சிலர் கேட்பார்கள். அந்தக் கட்டத்தில் பல இணையத்தளங்கள் கோப்பின் அளவு, வெள்ளைப் பின்னணி, முகம் இருக்கிறதா என்பது போன்றவற்றைத்தான் பார்க்கும். அது உங்கள் முகமா என்ற கேள்வி பிறகு வரும், நீங்கள் பெட்டியோடு வரிசையில் நிற்கும்போது.

சரி, வீட்டிலேயே எடுப்பதென்றால்? சில தொலைபேசிகளின் முன் கேமராவில் அழகூட்டும் வசதி தானாகவே இயங்கும்; முதலில் அதை அணையுங்கள். சுயபடம் வேண்டாம், கை நீளத் தூரத்தில் மூக்கு பெரிதாகத் தெரியும். வேறொருவர் ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று பின் கேமராவில் எடுக்கட்டும். சன்னல் வெளிச்சம் முகத்தில் நேராக விழ வேண்டும். சுவரில் சாயாமல் அரை மீட்டர் முன்னால் நில்லுங்கள், நிழல் விழாது. பருவைக்கூட அழிக்காதீர்கள். அப்புறம், படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.