கொடி எண்ணுக்கா, ஆளுக்கா?

[திரையில்: போனில் மெசேஜ் பட்டியல். மேலே புதிதாக ஒரு வரி வந்து விழுகிறது.]

காலையில் காபியோடு உட்கார்ந்து போனை எடுக்கிறீர்கள். தெரியாத எண்ணிலிருந்து ஒரு மெசேஜ். "வணக்கம் சார், வீட்டிலிருந்தே பார்ட் டைம் வேலை. தினமும் மூவாயிரம் ரூபாய்." எண்ணுக்குப் பக்கத்தில் பிரிட்டன் கொடி.

உடனே மனசு ஒரு கதை கட்டிவிடும். லண்டனில் யாரோ ஒருவர் ஆபீஸில் உட்கார்ந்து நமக்கு எழுதுகிறார் என்று தோன்றும். சிலருக்கு அதுவே நம்பிக்கை, சிலருக்கு அதுவே பயம். ஆனால் அந்தக் கொடியைப் போட்ட ஆப்புக்கு அவர் எங்கே இருக்கிறார் என்று துளியும் தெரியாது. அதன் கையில் இருப்பது எண் மட்டும்தான். அதிலும் முதல் சில இலக்கங்களைத்தான் அது பார்த்தது. எப்படிப் பார்த்தது என்று கூடவே இருந்து பார்ப்போம்.

[திரையில், பெரிய எழுத்தில்:]

```
+44 7700 900123
```

இந்த எண்ணுக்கு யாரும் போன் போட்டுப் பார்க்க வேண்டாம். நாடகத்திலும் சினிமாவிலும் காட்டுவதற்கென்றே பிரிட்டனில் ஒதுக்கி வைத்திருக்கும் வரிசையில் இது ஒன்று, யாருக்கும் சொந்தமில்லை.

கூட்டல் குறிக்கு அடுத்து வருவது நாட்டுக் குறியீடு. ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பு அதை ஒதுக்குகிறது. ஒன்று முதல் மூன்று இலக்கம் வரை இருக்கலாம். மொத்த எண் 15 இலக்கத்தைத் தாண்டக்கூடாது. சரி, நாட்டுக் குறியீடு எங்கே முடிகிறது என்று ஆப்புக்கு எப்படித் தெரியும்? நடுவில் இடைவெளியோ புள்ளியோ கிடையாதே. முதல் இலக்கம் 4. வெறும் 4 என்று எந்த நாடும் இல்லை. அடுத்ததையும் சேர்த்தால் 44. அது இருக்கிறது, அங்கேயே நின்றுவிடலாம். ஏனென்றால் 44-இல் தொடங்கும் மூன்று இலக்கக் குறியீடு எதையும் யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். ஆனால் 42-இல் நின்றால் எதுவும் கிடைக்காது. இன்னொரு இலக்கம் வேண்டும். 420 என்றால் செக் குடியரசு. நம்மூரில் 420-க்கு வேறு அர்த்தம் உண்டு, அதற்கு செக் நாட்டுக்காரர்கள் என்ன செய்வார்கள்!

44 கிடைத்ததும் ஆப் தன்னிடம் இருக்கும் பட்டியலில் தேடி "GB" என்ற இரண்டு எழுத்தை எடுக்கிறது. நாம் கொடியாகப் பார்ப்பது இந்த இரண்டெழுத்தைத்தான். போனில் கொடி எமோஜி என்பதே G, B என்ற எழுத்துகளின் விசேஷ வடிவம் இரண்டை அடுத்தடுத்து வைப்பதுதான். விண்டோஸ் கணினியில் சில இடங்களில் கொடிக்குப் பதில் "GB" என்று மொட்டையாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான்.

வேலை அவ்வளவுதான். இணையம் தேவையில்லை, ஜி.பி.எஸ். தேவையில்லை. விமான மோடில் போட்டாலும் கொடி வரும்.

[திரையில்: +44 என்ற எண்ணிலிருந்து நான்கு கோடுகள் பிரிகின்றன.]

முதல் சிக்கல் இங்கேயே ஆரம்பிக்கிறது. ஒரு குறியீட்டை ஒரே ஒரு நாடுதான் வைத்திருக்க வேண்டும் என்று விதி இல்லை. +44-ஐ பிரிட்டனோடு ஜெர்சி, கெர்ன்சி, மான் தீவு மூன்றும் பகிர்ந்துகொள்கின்றன. +7 ரஷ்யாவுக்கும் கசகஸ்தானுக்கும் பொது. எல்லாவற்றையும்விடப் பெரிய கூட்டுக்குடும்பம் +1. அமெரிக்கா, கனடா, ஜமைக்கா, டொமினிகன் குடியரசு, டிரினிடாட் என்று கரீபியன் தீவுகள் பலவும் அதற்குள் குடியிருக்கின்றன.

```
+1 876 555 0123
```

முதல் இலக்கத்தோடு நின்றுவிடும் ஆப் இதற்கு அமெரிக்கக் கொடியைப் போடும். அடுத்த மூன்றையும் படிக்கும் ஆப்புக்கு 876 என்பது ஜமைக்கா என்று தெரியும். கூகுள் வெளியிட்டிருக்கும் libphonenumber என்ற இலவச நிரல் தொகுப்பைப் பல ஆப்கள் பயன்படுத்துகின்றன. அதில் பகிர்ந்த குறியீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு 'முதன்மை நாடு' குறிக்கப்பட்டிருக்கும். 1-க்கு அமெரிக்கா, 7-க்கு ரஷ்யா, 44-க்கு பிரிட்டன். ஆப் எழுதியவர் சோம்பேறித்தனமாக முதன்மை நாட்டை மட்டும் கேட்டால் அல்மாட்டியில் இருக்கும் கசகஸ்தான்காரர் உங்கள் திரையில் ரஷ்யராகிவிடுவார். முழு எண்ணையும் கொடுத்துக் கேட்டால் சரியான பதில் வரும். ஒரே எண்ணுக்கு இரண்டு ஆப் இரண்டு கொடி காட்டினால் பெரும்பாலும் இந்த வித்தியாசம்தான்.

[திரையில்: கடை வாசலில் ஒரு போஸ்டர். கீழே வாட்ஸ்அப் லிங்க்.]

இது ஆப்பின் தவறு. நம் கைத்தவறும் ஒன்று இருக்கிறது. கடைக்காரர்கள் போஸ்டரில் வாட்ஸ்அப் லிங்க் போடுகிறார்கள் இல்லையா, அதில் அடிக்கடி பார்க்கிறேன். திருச்சி மளிகைக்கடைக்காரர் ஒருவருடைய எண் பழைய பிஎஸ்என்எல், 94430-இல் தொடங்குகிறது. முன்னால் 91 போட மறந்துவிட்டார்.

```
wa.me/94430XXXXX
```

இந்த லிங்கில் நாட்டுக் குறியீட்டோடுதான் எண் இருக்க வேண்டும். ஆகவே ஆப் முதல் இரண்டு இலக்கத்தை எடுக்கிறது: 94. அது இலங்கை. திருச்சியில் இருக்கும் மளிகைக்கடை கடல் தாண்டிப் போய்விட்டது. இந்தத் தவறைக் கண்டுபிடிப்பது சுலபம். இலங்கை எண்ணுக்கு 94-க்குப் பிறகு ஒன்பது இலக்கம் வேண்டும். இங்கே மிச்சம் எட்டுதான் இருக்கிறது. அதனால் அப்படியொரு கணக்கே இல்லை என்று பதில் வரும். 98-இல் தொடங்கும் எண்ணாக இருந்தால் இதேபோல் ஈரானுக்குப் போகும்.

இதையே திருப்பிப் போட்டால் இன்னொரு வீண் பயம். "92-இல் இருந்து மிஸ்டு கால், பாகிஸ்தான் நம்பர், எடுக்காதே" என்று குடும்ப குரூப்பில் யாராவது பதறுவார்கள். கூட்டல் குறி இல்லாமல் மொத்தம் பத்தே இலக்கம் என்றால் அது நம்மூர் மொபைல் எண். +92 என்று இருந்தால்தான் பாகிஸ்தான் வரிசை.

[திரையில்: மறுபடியும் அந்த வேலை மெசேஜ்.]

இப்போது நம் 'லண்டன்காரரிடம்' திரும்பி வருவோம். ஆப் சரியாகவே படித்திருக்கிறது, எண்ணும் பிரிட்டன் எண்தான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் கொடி சொல்வது, கணக்கு தொடங்கிய எண் எந்த நாட்டு வரிசையைச் சேர்ந்தது என்பதை மட்டும்தான். கணக்கு தொடங்க என்ன வேண்டும்? அந்த எண்ணுக்கு வரும் ஓடிபி. ஒரே ஒரு முறை அதைப் போட்டுவிட்டால் போதும். அப்புறம் அந்த சிம் டிராயரில் கிடந்தாலும் கணக்கு எந்த ஊர் வைஃபையிலும் ஓடும்.

ஓடிபி வாங்குவதற்கென்றே சில மணி நேரத்துக்கு எண்ணை வாடகைக்கு விடும் இணையதளங்கள் இருக்கின்றன. எந்த நாட்டு எண் வேண்டும் என்று கொடியைப் பார்த்துத்தான் அங்கே தேர்ந்தெடுப்பார்கள். 2023 மே மாதம் இந்தியாவில் பலருக்கு வாட்ஸ்அப்பில் +84, +62, +254, +251 என்று வரிசையாக அழைப்புகள் வந்தன. வியட்நாம், இந்தோனேசியா, கென்யா, எத்தியோப்பியா. நான்கு நாட்டுக்காரர்களும் ஒரே வாரத்தில் கூட்டு சேர்ந்து நம்மைத் தேடினார்கள் என்று நம்புவதைவிட, எங்கோ இருக்கும் சிலர் கிடைத்த எண்களை எல்லாம் வாங்கிப் போட்டார்கள் என்று நினைப்பது எனக்கு எளிதாக இருக்கிறது.

அதைவிட ஆபத்தானது நம்ம கொடி. வெளிநாட்டு எண் என்றால் பாதிப் பேர் எடுக்க மாட்டார்கள் என்று ஏமாற்றுபவர்களுக்கும் தெரியும். கம்போடியாவில் வேலை என்று நம்பிப் போய், அடைத்து வைக்கப்பட்டு, இங்கே இருப்பவர்களை ஆன்லைனில் ஏமாற்றும்படி கட்டாயப்படுத்தப்பட்ட இந்தியர்கள் 2024-இல் மீட்கப்பட்டார்கள். இங்கே வாங்கிய சிம்களை அங்கே அனுப்பியதாக இந்தியாவில் கைதுகளும் நடந்தன. அந்த சிம்மில் தொடங்கிய கணக்கு உங்கள் போனில் எப்படித் தெரியும்? +91, இந்தியா. ஆப் பொய் சொல்லவில்லை, எண் இந்திய எண்தான்.

2025 நவம்பரில் மத்திய தொலைத்தொடர்புத் துறை ஆப் நிறுவனங்களுக்கு ஓர் உத்தரவு போட்டது. பதிவு செய்த சிம் போனுக்குள் இருந்தால்தான் கணக்கு இயங்க வேண்டும் என்பது அதன் சாரம். சிம்மை டிராயரில் போட்டுவிட்டு ஓட்டுபவர்களுக்கு அது இடைஞ்சல். ஆனால் அது கணக்கை சிம்மோடு கட்டும், சிம்மை ஊரோடு கட்டாது. இந்திய சிம்மைக் கம்போடியாவில் போனுக்குள் போட்டு வைத்திருந்தாலும் கொடி இந்தியக் கொடிதான்.

ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சாதாரண போன் அழைப்பில் வேறொருவர் எண்ணைப் பொய்யாகக் காட்ட முடியும். வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பை +91 போலக் காட்டுவது அப்படித்தான். மெசேஜ் ஆப்பில் அந்த வித்தை அவ்வளவு எளிதல்ல, ஓடிபி போட்டவர் கையில் ஒரு நேரத்திலாவது அந்த எண் இருந்திருக்க வேண்டும். எண் உண்மை, இடம்தான் சந்தேகம்.

நல்லவர்கள் விஷயத்திலும் இதே கதைதான். எங்கள் சித்தப்பா துபாய்க்குப் போய்ப் பல வருஷம் ஆகிறது, இன்னும் +91 கணக்கைத்தான் வைத்திருக்கிறார். மாற்றினால் ஊரில் இருக்கும் எல்லோருக்கும் சொல்ல வேண்டுமே என்ற அலுப்பு. கொடியை நம்பினால் அவர் இன்னும் கும்பகோணத்தில்தான் இருக்கிறார்.

[திரையில்: டெலிகிராமில் புதிய ஒருவரின் மெசேஜ். மேலே சிறு பெட்டி.]

இந்த விஷயத்தில் டெலிகிராம் 2025-இல் கொண்டுவந்த ஒரு மாற்றம் எனக்குப் பிடித்திருக்கிறது. தெரியாதவர் முதல் முறை எழுதினால் எண்ணின் நாட்டோடு அவர் எந்த மாதம் கணக்கு தொடங்கினார், உங்களோடு பொதுவான குரூப் ஏதாவது உண்டா என்பதையும் சேர்த்துக் காட்டும். அதே ஆப்பில் +888 என்று தொடங்கும் எண்களும் உண்டு. சிம்மே கிடையாது, கிரிப்டோ கொடுத்து வாங்குவது. அதற்குக் கொடி போட எந்த நாடும் இல்லை.

நம் பார்ட் டைம் வேலைக்காரர் அங்கே எழுதியிருந்தால் பெட்டியில் என்ன இருந்திருக்கும் என்று கற்பனை செய்து பாருங்கள். நாடு: பிரிட்டன். தொடங்கியது: இந்த மாதம். பொதுவான குரூப்: எதுவும் இல்லை. லண்டனில் பல வருஷம் கம்பெனி நடத்துகிறோம் என்று அவர் எழுதியிருந்தால், அதை இடிப்பது நடுவில் இருக்கும் வரிதான்.

அதேபோல் "அண்ணா, நான்தான், இது என் புது நம்பர், அவசரமாகப் பணம் வேண்டும்" என்று இந்தியக் கொடியோடு ஒரு மெசேஜ் வந்தால், பதில் எழுதுவதற்கு முன் தம்பியின் பழைய எண்ணுக்கு ஒரு கால் போடுங்கள். மெசேஜ் ஆப்பில் வேண்டாம், சாதாரண போன் காலாகவே போடுங்கள்.