பொட்டாசியம் 7.1: பக்கத்தின் ஓரத்தில் கடிகாரத்தை எழுதுங்கள்

கேள்வி: "சார், நான் ஹவுஸ் சர்ஜன். ஹைப்பர்கலீமியா வகுப்பு நோட்ஸ் 11 பக்கம் இருக்கு. டியூட்டியில் பார்த்துச் செய்கிற மாதிரி ஒரே பக்கமாக்குவது எப்படி?"

வகுப்பில் நாங்கள் மருந்து வேலை செய்யும் விதத்தை வைத்துப் பிரித்துச் சொல்வோம். வார்டில் அது உதவாது. இடது ஓரத்தில் நிமிடங்களை எழுதி, எதிரே செய்ய வேண்டியதை எழுதுங்கள்.

ஒரு நோயாளியை வைத்துப் பார்ப்போம். வயது 62, நாள்பட்ட சிறுநீரகக் கோளாறு, எனலாப்ரிலும் ஸ்பைரோனோலாக்டோனும் சாப்பிடுகிறார். பொட்டாசியம் 7.1, சர்க்கரை 104. ஈசிஜியில் டி அலை கூராக நிற்கிறது, கியூஆர்எஸ் அகன்றுவிட்டது. மறு ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க நேரமில்லை.

பூஜ்யம் நிமிடம்: அந்த இரண்டு மாத்திரைகளையும் நிறுத்து, மானிட்டர் மாட்டு. 10 சதவீத கால்சியம் குளுக்கோனேட் 10 மி.லி., நரம்பில் 5 நிமிடத்தில் மெதுவாக. 5 நிமிடம் கழித்து ஈசிஜி. மாறவில்லை என்றால் மறுபடி அதே அளவு. இது இதயத்தைக் காக்கும், அவ்வளவுதான். பொட்டாசியம் ஒரு புள்ளிகூட இறங்காது. அந்தக் காவலும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரைதான்.

அதனால் உடனே அடுத்த வரி: ரெகுலர் இன்சுலின் 10 யூனிட் நரம்பில், கூடவே 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மி.லி. இங்கே சிரிஞ்சையும் எழுதுங்கள். நம் ஊர் வயல் பெரும்பாலும் மி.லி.க்கு 40 யூனிட். அதை 100 யூனிட் சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 4 யூனிட்தான். சால்பியூட்டமால் நெபுலைசேஷனும் அப்படித்தான்: தேவை 10 மி.கி., ரெஸ்பியூல் 2.5 மி.கி. 'நான்கு ரெஸ்பியூல்' என்றே எழுதிவிடுங்கள். வெறுமனே 'நெபுலைசேஷன்' என்றிருந்தால், ஆஸ்துமாவுக்குக் கொடுக்கிற பழக்கத்தில் ஒன்றோடு நிறுத்திவிடுவார்கள்.

அப்புறம், நோட்ஸில் ஒரே வரியில் போய்விடுகிற விஷயம், சர்க்கரை. ஈசிஜி சரியாகி எல்லோரும் நகர்ந்த பிறகு, ஒரு மணி, இரண்டு மணி நேரம் கழித்துத்தான் அது விழும். சிறுநீரகம் பழுதானவருக்கு இன்சுலின் நெடுநேரம் தங்கும். ஆரம்பத்திலேயே 126-க்குக் கீழே இருந்தால் இன்னும் ஆபத்து. நம் ஆளுக்கு 104. ஆகவே 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் மணிக்கு 50 மி.லி. வீதம் 5 மணி நேரம் ஓட வேண்டும். முதல் 2 மணி நேரம் அரை மணிக்கொரு முறை, பிறகு 6 மணி நேரம் முடியும் வரை மணிக்கொரு முறை விரல் நுனியில் சர்க்கரை பாருங்கள்.

பொட்டாசியம் 1, 2, 4, 6, 24 மணியில். ஒரு மணியில் 6.2 என்று வந்தால் நிம்மதி வேண்டாம். அது செல்லுக்குள் ஒளிந்திருக்கிறது, உடம்பை விட்டுப் போகவில்லை. நாலு, ஆறு மணியில் திரும்ப ஏறும். சிறுநீர் இறங்காதவருக்கு டயாலிசிஸ்தான் வழி. நெஃப்ராலஜி டியூட்டி எண்ணைப் பூஜ்யம் நிமிட வரிக்குப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள், கடைசியில் வேண்டாம். உங்கள் யூனிட் சீஃப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு சுவரில் ஒட்டுங்கள்.