பாதையும் பலகையும்

நேயர்களுக்கு வணக்கம். முப்பது வருடத்துக்கு மேலாக உயர்தரப் பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம் படிப்பித்தவன் நான். அதில் நான் விட்டுப் பிரியாத ஒரு விஷயத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். ஒரு சார்பை இரண்டு மூன்று துண்டாகக் கொடுத்து, நடுவில் a, b என்று தெரியாத எண்களை வைத்து, "இந்தச் சார்பு தொடர்ச்சியாக இருக்க a, b என்ன?" என்று கேட்பார்களே, அந்தக் கணக்கு. பென்சிலும் ஒரு துண்டுத் தாளும் பக்கத்தில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எண்களைச் சின்னதாகவே வைத்திருக்கிறேன்.

கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தது. அதற்கு முந்திய காலத்தை அறிந்தவர்களுக்கு 'பாதை' என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. இளையவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகும் மிதவையைத்தான் எங்கள் பக்கத்தில் பாதை என்போம். சின்ன வயதில் அப்பாவோடு அதில் போகும்போது நான் தண்ணீரைப் பார்த்ததில்லை, பலகையைத்தான் பார்ப்பேன். கரைக்கும் பாதைக்கும் நடுவில் போடுகிற பலகை. சைக்கிள்காரர் ஏறினால் ஒன்றும் தெரியாது. ஒரு லொறி ஏறியதும் பாதை அப்படியே கொஞ்சம் தாழும். கரை இருந்த இடத்திலேயே இருக்கும், பாதையின் தளம் இறங்கிவிடும். அப்போது பலகையின் ஒரு முனை தூக்கிக்கொண்டு நிற்கும், பின்னால் வருகிற சைக்கிளின் முன்சில்லு 'டக்' என்று அடிபடும். வேலை செய்கிறவர் ஓடி வந்து பலகையை இழுத்துச் சரிசெய்வார். அவர் பார்ப்பது இரண்டே இரண்டைத்தான்: பலகையின் இந்த முனை கரையின் உயரத்தில் இருக்கிறதா, அந்த முனை பாதையின் உயரத்தில் இருக்கிறதா. நடுவில் பலகை எப்படிப் போகிறது என்ற கவலை அவருக்கு இல்லை. பலகை நேரானது, அது தன்பாட்டில் போகும்.

இன்றைக்குச் சொல்லவேண்டியதில் பாதி இதிலேயே வந்துவிட்டது. துண்டு துண்டான சார்பில், ஒவ்வொரு துண்டும் தனக்குள்ளே ஒழுங்காக இருந்தால், பார்க்கவேண்டிய இடம் பொருத்து மட்டும்தான். பொருத்தில் மூன்று எண்கள் உண்டு. இடப்பக்கமிருந்து நெருங்கும்போது சார்பு எதை நோக்கிப் போகிறது, அது இடப்பக்க எல்லை. வலப்பக்கமிருந்து நெருங்கும்போது எதை நோக்கிப் போகிறது, அது வலப்பக்க எல்லை. அந்தப் புள்ளியிலேயே சார்பின் பெறுமானம் என்ன, அது மூன்றாவது. மூன்றும் ஒரே எண்ணாக இருந்தால் தொடர்ச்சி. ஒன்று பிசகினாலும் இல்லை.

சரி, பலகையையே கணக்காக்குவோம். எழுதிக்கொள்ளுங்கள். x ஆனது 1 அல்லது அதற்குக் குறைவு என்றால் சார்பு x + 2. இது இக்கரை. x ஆனது 4 அல்லது அதற்கு மேல் என்றால் சார்பு x² − 7. இது அக்கரை. 1க்கும் 4க்கும் நடுவில் ax + b. இதுதான் பலகை. a என்பது பலகையின் சரிவு, b அதைத் தூக்குகிற அல்லது இறக்குகிற அளவு.

முதல் பொருத்து 1. இடப்பக்கமிருந்து வந்தால் 1 + 2, அதாவது 3. வலப்பக்கமிருந்து வந்தால் பலகையின் முனை, a + b. ஆகவே a + b = 3. இரண்டாவது பொருத்து 4. இடப்பக்கம் 4a + b, வலப்பக்கம் 16இல் 7 போக 9. ஆகவே 4a + b = 9. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் 3a = 6. a = 2, b = 1. பலகை 2x + 1. போட்டுப் பாருங்கள்: 1இல் 3, 4இல் 9. இரண்டு முனையும் உட்கார்ந்துவிட்டது.

இதில் ஒரு பிழை வரும். மூதூரிலிருந்து படிக்க வந்த ஒரு பிள்ளையின் கொப்பியில்தான் அதை முதன்முதலில் நின்று நிதானமாகப் பார்த்தேன். அவள் x + 2 = ax + b என்று எழுதி, x-இன் குணகங்களை ஒப்பிட்டு a = 1, b = 2 என்று முடித்திருந்தாள். கை சுத்தமான பிள்ளை, வரிக்கு வரி நேர்த்தி. "இது எந்த இடத்தில் சமன்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எல்லா இடத்திலும், சேர்" என்றாள். அங்கேதான் விஷயம் இருக்கிறது. எல்லா இடத்திலும் சமன் என்றால் பலகையும் கரையும் ஒரே தரை என்றாகிவிடும். எங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு இடத்தில் சமன், x = 1இல். அவளையே அந்த விடையை 4இல் போட்டுப் பார்க்கச் சொன்னேன். பலகை 6இல் நிற்கிறது, அக்கரை 9இல் நிற்கிறது. "மூன்றடி தூக்கி நிற்குது சேர்" என்று அவளே சொன்னாள், அழித்துவிட்டுத் திரும்பச் செய்தாள். அதற்குப் பிறகு எந்த வகுப்பிலும் இதை நான் விடுவதில்லை: எல்லைச் சமன்பாட்டை எழுதுமுன் x-க்குப் பொருத்தின் எண்ணைப் போட்டுவிடுங்கள். எழுதி முடித்த சமன்பாட்டில் x இருந்தால் நீங்கள் இன்னும் எல்லை எடுக்கவில்லை.

நடுவில் ஒரு சின்ன விஷயம், ஆட்டோவில் ஏறுகிற எல்லோருக்கும் பொருந்தும். மடத்தடியில் ஒருவர் கட்டண அட்டை எழுதுகிறார் என்று வையுங்கள். இரண்டு கிலோமீற்றர் வரை 200 ரூபாய். அதற்கு மேல் மொத்தத் தூரத்துக்கும் கிலோமீற்றருக்கு 90, அதோடு c ரூபாய். c என்ன? இரண்டு கிலோமீற்றரில் 90இன் இரட்டிப்பு 180, அதோடு c சேர்ந்து 200 ஆகவேண்டும். c = 20. அவர் 50 என்று எழுதிவிட்டால், இரண்டைத் தாண்டி ஒரு முழம் போனதும் கட்டணம் 30 ரூபாய் குதிக்கும். விவரம் தெரிந்தவர்கள் அந்த இடத்துக்குச் சற்று முன்னே இறங்கிவிடுவார்கள். c என்பது அவர் இஷ்டத்துக்கு எழுதுகிற எண் இல்லை. குதிப்பு வேண்டாம் என்று தீர்மானித்த உடனேயே அது 20 என்று முடிவாகிவிடுகிறது.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த கணக்குக்கு வருகிறேன். இதில் பொருத்து ஒன்றுதான், ஆனால் தெரியாத எண் இரண்டு. x ஆனது 2 இல்லாதபோது சார்பு (x² + ax + b)/(x − 2). x சரியாக 2 என்றால் சார்பு 5. தொடர்ச்சியாக்க வேண்டும். பிள்ளைகள் 2ஐப் போடுகிறார்கள், கீழே பூச்சியம் வருகிறது, பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். ஒரு பொருத்து, ஒரு சமன்பாடு, இரண்டு தெரியாதவை, எப்படித் தீர்ப்பது என்று கேட்கிறார்கள். அந்த ஒரு பொருத்தே இரண்டு சமன்பாடு தரும் என்பதுதான் இதன் அழகு.

முதலில் மேலே இருப்பதைப் பாருங்கள். a, b இரண்டையும் பூச்சியமாக வைத்து 2.01ஐப் போடுங்கள். மேலே 4.0401, கீழே 0.01. விடை 404ஐத் தாண்டுகிறது. 1.99ஐப் போட்டால் மறை 396. இந்தப் பக்கம் வானத்துக்கு, அந்தப் பக்கம் பாதாளத்துக்கு. கீழே உள்ளது பூச்சியத்துக்குப் போகும்போது மேலே உள்ளது 4இல் நின்றால் இப்படித்தான் நடக்கும். எல்லை என்று ஒன்று இருக்கவேண்டுமானால், கீழே உள்ளதோடு சேர்ந்து மேலே உள்ளதும் பூச்சியத்துக்குப் போயாகவேண்டும். வேறு வழியில்லை. ஆகவே முதல் சமன்பாடு 4 + 2a + b = 0.

இங்கே நிறுத்திவிடாதீர்கள். இது எல்லை இருப்பதற்கான நிபந்தனை மட்டும். எல்லை 5 ஆகவேண்டும் என்று இன்னும் நாங்கள் சொல்லவில்லை. b-ஐ −4 − 2a என்று மேலே போடுங்கள். x² − 4 ஒரு பக்கம், a(x − 2) ஒரு பக்கம் என்று பிரியும். இரண்டிலும் (x − 2) இருக்கிறது. வெளியே எடுத்தால் உள்ளே மிஞ்சுவது x + 2 + a. கீழே உள்ள x − 2ஓடு மேலே உள்ளது வெட்டுப்படுகிறது. வெட்டலாமா என்று கேட்பீர்கள். வெட்டலாம், ஏனென்றால் எல்லை எடுக்கும்போது x ஆனது 2ஐ நெருங்குகிறதே தவிர 2 ஆவதில்லை. எல்லை 4 + a. இது 5 ஆகவேண்டும். a = 1, b = −6. மேலே இருப்பது x² + x − 6. இப்போது அதே 2.01ஐப் போடுங்கள்: 5.01. 1.99ஐப் போடுங்கள்: 4.99. இரண்டு பக்கமும் 5ஐ நோக்கி வருகின்றன.

முதல் சமன்பாட்டோடு நிறுத்திய பிள்ளை a = 0, b = −4 என்று எடுத்திருந்தால் எல்லை 4 வந்திருக்கும், புள்ளியில் 5 நிற்கும். இரண்டு பக்கமும் ஒத்துப்போகும், மூன்றாவது எண் மட்டும் தனியே தொங்கும். இடமும் வலமும் சரி என்று பார்த்துவிட்டுப் பெறுமானத்தைப் பார்க்காமல் விடுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால்தான் மூன்று எண், மூன்று எண் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

விடையே இல்லாத கணக்கும் உண்டு. x-இன் மட்டுப் பெறுமானத்தை x-ஆல் பிரியுங்கள், பூச்சியத்தில் மட்டும் a என்று வையுங்கள். இடப்பக்கம் எப்போதும் −1, வலப்பக்கம் எப்போதும் 1. a-க்கு எதைப் போட்டாலும் இரண்டையும் பிடிக்காது. அப்போது "அப்படியான a இல்லை" என்று எழுதுவதுதான் சரியான விடை, அதற்குத்தான் முழுப்புள்ளி. ஏதாவது ஓர் எண்ணை எழுதியே ஆகவேண்டும் என்று 0 என்று போடாதீர்கள்.

நேரம் நெருங்குகிறது என்று கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டுகிறார்கள். சைன் பற்றிக் கால் மணி பேச வைத்திருந்தேன், ஒரு நிமிடத்தில் சொல்கிறேன். x பூச்சியம் இல்லாதபோது சைன் 3x-ஐ x-ஆல் பிரித்தது, பூச்சியத்தில் k. சைன் θ-ஐ θ-ஆல் பிரித்தால் எல்லை 1 என்பது உங்களுக்குத் தெரியும். மேலும் கீழும் 3ஆல் பெருக்குங்கள், எல்லை 3, ஆகவே k = 3. கணிப்பானில் x = 0.01 போட்டுச் சரிபாருங்கள், 2.99955 வரும். 0.052 என்று வந்தால் கணக்கைத் திருத்தவேண்டாம், கணிப்பான் பாகையில் நிற்கிறது, ஆரையனுக்கு மாற்றுங்கள். வணக்கம்.