உள்ளே இழுத்த காற்றை எஞ்சின் ஏன் திருப்பி அனுப்புகிறது?

கேள்வி: "ஐயா, ஹைபிரிட் காரில் இன்டேக் வால்வு தாமதமாக மூடுவதால் உள்ளே வந்த கலவையில் ஒரு பகுதி திரும்பிப் போய்விடும் என்றீர்கள். அது வீண்தானே? பிறகு மைலேஜ் எப்படிக் கூடுகிறது?" (வேளச்சேரியிலிருந்து ஒரு நேயர்)

இந்தக் கேள்வி இரண்டு நாளாக என்னை விடவில்லை. சென்ற பதிவில் நான் அவசரமாகக் கடந்துபோன இடம் அது. அங்கேயே விரல் வைத்துவிட்டீர்கள்.

அந்தக் காற்று-பெட்ரோல் கலவை புகைக்குழாய்க்குப் போவதில்லை. வந்த வழியே இன்டேக் குழாய்க்குத் திரும்புகிறது. அந்த நேரத்தில் பக்கத்துச் சிலிண்டர் ஒன்று காற்றை இழுக்கத் தொடங்கியிருக்கும், அது எடுத்துக்கொள்ளும். ஒரு துளி பெட்ரோலும் எரியாமல் வெளியே கொட்டவில்லை.

சரி, லாபம் எங்கே? நான் அடிக்கடி சொல்வதுதான்: அழுத்துவது குறைவு, விரிவது அதிகம். கணக்குக்கு வசதியாக ஒரு சிலிண்டரில் பிஸ்டன் 360 கன சென்டிமீட்டர் நகர்கிறது, மேலே மிஞ்சும் எரியறை 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு இடம் 390. பிஸ்டன் கீழே போய்த் திரும்பி ஏறும்போதும் வால்வு திறந்தே இருக்கிறது. கால்வாசித் தூரம் ஏறிய பிறகுதான் மூடுகிறது. அதற்குள் 90 திரும்பிப் போய்விட்டது, சிக்கியது 300. அது 30-க்குள் அடைபடுகிறது, அதாவது பத்து மடங்கு அழுத்தம். எரிந்த பிறகோ பிஸ்டன் அடிவரை இறங்கலாம்: 30-லிருந்து 390, பதின்மூன்று மடங்கு விரிவு.

சாதாரண எஞ்சினில் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போது உள்ளே இருக்கும் வாயுவுக்கு இன்னும் பிஸ்டனைத் தள்ளும் வலு உண்டு. அந்த வலு வீணாகப் புகைக்குழாய்க்குள் பாய்கிறது. இங்கே அந்த மிச்சத்தில் ஒரு பங்கையும் கறந்துவிடுகிறோம். அழுத்தத்தையும் பதின்மூன்றாக்கினால் என்ன என்று கேட்கலாம். நம் பங்க்கில் கிடைக்கும் சாதாரணப் பெட்ரோல், சுமை ஏறும்போது கலவை தானாகவே வெடித்துத் தட்டும் நாக்கிங் கொடுக்கும் அபாயம் கூடும்.

டொயோட்டாவின் ஒரே 1.5 லிட்டர் எஞ்சின் குடும்பத்தைப் பாருங்கள். சாதாரண வடிவத்தில் பிஸ்டனின் முழு ஓட்டத்துக்குக் கணக்கிட்ட விகிதம் 10.5, சக்தி சுமார் 108 குதிரைத்திறன். இரண்டாம் தலைமுறை பிரியஸில் விகிதம் 13, சக்தி 76. எஞ்சின் சுழலும் உச்ச வேகத்தைக் குறைத்ததும் ஒரு காரணம்தான். ஆனால் குறைந்த கலவையை எரித்தால் குறைந்த சக்திதான் வரும். அந்தக் குறையை நிரப்ப மின்மோட்டார் பக்கத்திலேயே நிற்பதால்தான் இந்த வியாபாரம் கட்டுபடியாகிறது.

புதுப்பேட்டையில் ஒரு பட்டறையில் இதைத் தலைகீழாகக் கற்றேன். என் பழைய காருக்கு டைமிங் பெல்ட் மாற்றினார்கள். கேம் ஷாஃப்ட் சக்கரம் ஒரு பல் தள்ளிப்போய்விட்டது. வால்வு தாமதமாகத்தான் மூடியது, ஆனால் மைலேஜ் கூடவில்லை. கிண்டி மேம்பாலம் ஏறவே திணறியது. கம்ப்ரஷன் மீட்டர் வைத்தபோது நான்கு சிலிண்டரிலும் ஒரே அளவில் குறைவு. ரிங் தேய்ந்திருந்தால் சிலிண்டருக்குச் சிலிண்டர் பெரும்பாலும் மாறும். எல்லாமே சமமாகக் குறைந்தால் முதலில் டைமிங்கைச் சந்தேகியுங்கள். அந்த எஞ்சினில் எரியறை பழைய அளவுதான். அழுத்தம் குறைந்தது, விரிவு கூடவில்லை. எரியறையைச் சிறிதாக்காமல் வால்வை மட்டும் தாமதித்தால் இந்த லாபம் வராது. ஆகவே ஹைபிரிட்டில் மீட்டர் குறைந்த அளவு காட்டினால், 13 என்ற எண்ணை நம்பி உடனே எஞ்சினைப் பிரித்துவிடாதீர்கள். அந்த மாடலின் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள்.

உண்மையில் நீங்கள் கேட்டிருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது வேறு: இந்த வால்வு எந்தச் சாலையில் சம்பாதிக்கிறது? அண்ணா சாலை நெரிசலில் எஞ்சின் பாதி நேரம் அணைந்தே கிடக்கிறது. அங்கே மைலேஜ் கொடுப்பது பெரும்பாலும் பிரேக்கில் மீட்ட மின்சாரம். செங்கல்பட்டு நோக்கி ஜி.எஸ்.டி. சாலையில் 80-இல் சீராகப் போகும்போது மோட்டாருக்கு வேலை குறைவு. அங்கேதான் வால்வின் உழைப்பு தெரியும். சாதாரண எஞ்சின் அந்த வேகத்தில் த்ராட்டிலைப் பெரும்பாலும் மூடிக்கொண்டு, அடைத்த மூக்கால் மூச்சு இழுப்பதுபோலக் காற்றை இழுக்கச் சக்தியைச் செலவிடுகிறது. வால்வே காற்றைக் குறைத்துவிடுவதால் இதில் த்ராட்டிலை அகலத் திறந்து வைக்கலாம். அந்தச் செலவும் மிச்சம்.

ஏற்காடு கொண்டை ஊசி வளைவுகளில் ஐந்து பேரோடு ஏறினால் கதை மாறும். அப்போது கணினி வால்வைக் கொஞ்சம் முன்னதாக மூடச் சொல்லி இழுவையைக் கூட்டும். அதற்கும் எல்லை உண்டு. பேட்டரி இறங்கிய பிறகும் ஏற்றம் தொடர்ந்தால் எஞ்சின் உச்சத்தில் அலறும், கார் அதற்கேற்ற வேகம் எடுக்காது. பழுது என்று பயப்பட வேண்டாம், அது அந்த 76 குதிரையின் சத்தம்.