ஓடிபி யார் கைக்கு வருகிறது?

“பேங்க் ஆப்புல பின் நம்பர் போட்டுத்தான் உள்ள போறேன். அதுக்கப்புறமும் ஓடிபின்னு ஆறு நம்பர் கேக்குது. பேரன்ட்ட கேட்டா டூ ஃபேக்டர்னு சொல்லுதான். ஒரு பூட்டு போதாதா?” (குலசேகரத்திலிருந்து ஒரு பெரியவர், வயது 72)

பூட்டு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள் ஐயா, எனக்கு வேலை மிச்சம். என் லாக்கர் கதையை ஏற்கெனவே கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். பேங்க் லாக்கர் ஒரு சாவியில் திறக்காது. ஒன்று நம்மிடம், ஒன்று மேனேஜரிடம். இரண்டும் ஒரே கொத்தில் கிடந்தால் இரண்டு சாவி வைத்து என்ன பயன்?

ஆப்பிலும் அப்படித்தான். பின் உங்கள் மனதில் இருக்கிறது. ஓடிபி உங்கள் கையிலிருக்கும் சிம்முக்கு வருகிறது. பின்னை எவனாவது எட்டிப் பார்த்தாலும் போன் அவனிடம் இல்லை. டூ ஃபேக்டர் என்றால் இவ்வளவுதான். ஓடிபி அந்த ஒரு வேலைக்காகப் பிறந்த எண். சில நிமிடம்தான் உயிர், ஒரு தடவைதான் செல்லும்.

தக்கலையில் என் சித்திக்கு ஒருத்தன் போன் போட்டான். பேங்க்கில் கொடுத்த அடையாளச் சான்று, அதாவது கேஒய்சி, காலாவதியாகிவிட்டது, இப்போ வரும் நம்பரைச் சொல்லுங்கம்மா என்றான். கார்டு விவரத்தை அதற்கு முன்பே ஒரு லிங்கில் வாங்கிவிட்டான். மெசேஜ் ஆங்கிலத்தில், சித்தி கண்ணாடியைத் தேடினாள். பக்கத்து வீட்டுப் பெண் வாங்கிப் படித்துவிட்டு, “சித்தி, இதுல 24,500 ரூவான்னு போட்டிருக்கே, கேஒய்சிக்கு எதுக்கு ரூவா?” என்றாள். அத்தோடு போனை வைத்தார்கள். எண்ணுக்குப் பக்கத்திலேயே எவ்வளவு, எதற்கு என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். முதலில் அதைப் படியுங்கள். பேங்க்காரர் யாரும் போனில் ஓடிபி கேட்க மாட்டார்.

ஆனால் ஐயா, நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. அந்த ஓடிபி யார் போனுக்கு வருகிறது? நம்ம மாவட்டத்தில் பாதி வீட்டில் கணக்கு அப்பா பெயரில், நம்பர் துபாயிலிருக்கும் மகனுடையது. மகன் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு ஆறு எண்ணைச் சொல்கிறான், அப்பா அடிக்கிறார். லாக்கரின் உங்கள் சாவி கடல் தாண்டிக் கிடக்கிறது. போனில் ஓடிபி பேசுவதும் பழகிப்போகிறது. நாளைக்கு வேறொருவன் கேட்டாலும் வாய் தானாகச் சொல்லும்.

உங்கள் வீட்டிலும் அப்படியென்றால், பாஸ்புக், ஆதாரோடு கிளைக்குப் போய் மகன் நம்பருக்குப் பதில் உங்கள் நம்பரைப் போடச் சொல்லி எழுதிக் கொடுங்கள். மாறியதும் ஆப்பைத் திரும்பப் பதிவு செய்ய வேண்டும். அப்போது உங்கள் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் தானாகப் போகும். சிம்மில் காசு இல்லாவிட்டால் அது போகாது, ஆப் சுற்றிக்கொண்டே நிற்கும். பலரும் ஆப் கெட்டுவிட்டது என்று திரும்பக் கிளைக்கு ஓடுவது இதற்காகத்தான். முதலில் ரீசார்ஜ் பண்ணிவிட்டு உட்காருங்கள்.