பத்து வருசக் கம்பனி, இடத்துக்கு ஒரு பேச்சு: எங்க தொடங்கிச் சரிபார்க்கிறது?

கேள்வி: "அண்ணா, நாங்கள் நல்லெண்ணெயும் மிளகாய்த்தூளும் செய்து விக்கிறம். பத்து வருசமாச்சு. யாழ்ப்பாணத்தில திருநெல்வேலி, சுன்னாகம், நெல்லியடியில கடை இருக்கு. போர்ட்டில ஒண்டு, பேஸ்புக்கில ஒண்டு, பையில ஒண்டு எண்டு எழுதிக் கிடக்கு. லோகோவை மாத்தினா சரிவருமோ?"

லோகோவில இப்ப கை வைக்காதேங்கோ. அது கடைசி வேலை. முதல்ல, நீங்கள் ஊருக்கு என்னென்ன சொல்லி வைச்சிருக்கிறீங்கள் எண்டதை ஒரு இடத்தில சேருங்கோ. மூண்டு கடைக்கும் போய், எழுத்து இருக்கிற எல்லாத்தையும் போனில போட்டோ எடுங்கோ. வெளிப் போர்ட், கண்ணாடி ஸ்டிக்கர், போத்தல் லேபல், பை, பில் புத்தகம், வான் கதவு, போன வருசக் கலண்டர். பேஸ்புக்கில அறிமுகப் பகுதியும் கடைசி மூண்டு மாசப் பதிவும். வட்ஸ்அப்பில தானாப் போற வணக்க மெசேஜைக் கன பேர் மறந்துபோவினம். கூகுள் மப்பையும் பாருங்கோ. பழைய கடை விலாசம் அங்க இன்னும் உயிரோட இருக்கும்.

பிறகு ஒரு எக்செல் தாள். ஒரு வரிக்கு ஒரு வசனம். போர்ட்டில இருக்கிறதை எழுத்துப் பிசகாமல் அப்பிடியே எழுதுங்கோ, சுருக்கக் கூடாது. பக்கத்தில நாலு கட்டம்: எப்ப எழுதினது, ஆருக்குச் சொல்லுது, என்ன வாக்குக் குடுக்குது, இண்டைக்கும் அது உண்மையோ. அதோட அச்சடிச்ச பைல் ஆரிட்ட இருக்கு, எவ்வளவு மிச்சம் கிடக்கு எண்டதையும் குறியுங்கோ. ஏன் எண்டு பிறகு சொல்லுறன்.

இந்தத் தாளில ரெண்டு விதமான வித்தியாசம் தெரியும். ரெண்டையும் குழப்பக் கூடாது. கதைக்கிற விதம் இடத்துக்கு இடம் மாறலாம், பிழையில்லை. குடுக்கிற வாக்கு மாறக் கூடாது. உதாரணமா, போர்ட்டில "மரச்செக்கு எண்ணெய்" எண்டு இருக்கு, ஆனா ஆலையில இப்ப இரும்பு மெசின் ஓடுது எண்டு வையுங்கோ. அது வசனப் பிரச்சினையில்லை, பொய். அதை அண்டைக்கே எடுக்க வேணும், போர்ட் எவ்வளவு வடிவா இருந்தாலும். பையில "இலவசமா வீட்டுக்குக் கொண்டுவந்து தருவம்" எண்டு இருக்க, பேஸ்புக்கில கொண்டுவாற காசு போட்டிருந்தா, சண்டை கவுண்டரில நிக்கிற பிள்ளைக்குத்தான்.

அடுத்தது, ஒவ்வொரு வசனமும் ஆருக்குச் சொல்லுது எண்ட கட்டம். இங்கதான் யாழ்ப்பாணக் கடையள் வழி தவறுறது. பேஸ்புக்கில "அம்மாவின் கைப்பக்குவம், ஊர் மணம்" எண்டு போட்டா லைக் குவியும். ஆனா பக்கத்தின்ர Insights பகுதியில எந்த நாட்டு ஆக்கள் எண்டு பாருங்கோ. கனடா, லண்டன் ஆக்கள் கனக்க இருந்தா, அந்த லைக் சுன்னாகத்தில போத்தலை விக்காது. சுன்னாகத்தில வாங்கிற ஆள் கேக்கிறது, கலப்படம் இல்லையோ, லீற்றர் என்ன விலை எண்டுதான். லைக்கைப் பாத்துப் பாத்துப் பேஸ்புக் பெடியன் எழுத, பத்து வருசத்தில பேச்சு கடையை விட்டுத் தள்ளிப் போயிருக்கும். வெளிநாட்டு ஆக்கள் ஊரில உள்ள தாய் தேப்பனுக்கு ஓடர் போடினம் எண்டா அது வேற கதை. அப்ப அந்தப் பதிவுகளை வைச்சிருங்கோ, ஆனா அதில சொல்லுற வாக்கு போர்ட்டில சொல்லுறதாவே இருக்கட்டும்.

எந்த வாக்கை வைச்சிருக்கிறது எண்டு கூட்டம் போட்டு வாக்கெடுக்க வேண்டாம். மூண்டு கடையிலயும் நிக்கிற ஆக்களைத் தனித்தனியாக் கேளுங்கோ: "உங்கட எண்ணெய் ஏன் பக்கத்துக் கடையை விட விலை கூட?" முதலாளி பக்கத்தில நிக்கக் கூடாது, நிண்டா பாடமாக்கினதைத்தான் சொல்லுவினம். மூண்டு பேரும் "எள்ளை எங்கட ஆக்களே துப்பரவாக்கி, இங்கதான் ஆட்டுறது" எண்டு சொன்னா, தேடின வசனம் அதுதான். ஒருத்தர் மணம், ஒருத்தர் விலை, ஒருத்தர் "தெரியாது" எண்டா, போர்ட்டைத் திருத்தியும் பிரயோசனம் இல்லை. முதல்ல முதலாளியே முடிவெடுக்க வேணும்.

மாத்துற ஒழுங்கு: பொய்யானது முதல், முரணானது அடுத்தது, நிறமும் எழுத்து வடிவமும் கடைசி. மிச்சம் கிடக்கிற பையில பொய் இல்லாட்டி முடியும்வரை பாவியுங்கோ. பொய் இருந்தா ஸ்டிக்கர் ஒட்டுங்கோ. லேபலில நிறை, விலை, காலாவதித் திகதி மாதிரிச் சட்டத்துக்குரிய விசயங்கள் இருக்கு, வசனம் மாத்தேக்க டிசைனர் அதை நகர்த்தாமல் பாருங்கோ.

இனி அந்த "பைல் ஆரிட்ட" கட்டம். நீங்கள் எல்லாம் திருத்தினாலும் அச்சகத்தில பழைய பைல் கிடந்தா, பில் புத்தகம் முடிய "போன முறை மாதிரி அடிச்சுத் தாங்கோ" எண்டு ஒரு போன் போகும், பழைய வசனம் திரும்ப வரும். புதுப் பைலை வட்ஸ்அப்பில போட்டோவா அனுப்பாதேங்கோ, தரம் குறையும். டொக்கியுமெண்டா அனுப்புங்கோ, இல்லாட்டி பென் டிரைவில குடுங்கோ. பழையதை முன்னால நிண்டு அழிப்பியுங்கோ. கலண்டர் ஓடருக்கு முதல், ஐப்பசிக்குள்ள இதை முடிச்சிடுங்கோ.